முதலில் மாத்திரையா, முதலில் ரத்தமா?

கோத்தகிரியில் ஒரு சின்ன லேபில் பதினெட்டு வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மழை பிடித்த மாதங்களில் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு பேராவது காத்திருப்பார்கள். "வைடல் எடுக்கணும்" என்பார்கள். காய்ச்சல் எத்தனை நாள், மாத்திரை ஏதாவது போட்டாச்சா என்று நான் கேட்டால், டெஸ்ட் எடுக்க வந்தவனிடம் இதையெல்லாம் எதற்குக் கேட்கிறான் என்பதுபோலப் பார்ப்பார்கள். ஆனால் டைபாய்டைப் பொறுத்தவரை எந்த டெஸ்ட் உதவும், எது வெறும் காகிதம் என்பதை அந்த இரண்டு கேள்விகள்தான் முடிவு செய்கின்றன.

சென்ற வருடம் என் மச்சினனே அப்படி வந்து நின்றான். வயது 27, எடை 62 கிலோ. கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வரும் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். திங்கட்கிழமை காய்ச்சல் ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதல். தலைவலி, மூன்று நாளாக மலம் போகவில்லை, வலது அடிவயிற்றில் மந்தமான வலி. அவன் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சட்டைப் பையில் ஆஃப்லாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஸ்ட்ரிப் ஒன்று பிரிக்காமல் இருந்தது. மருந்துக்கடையில் வாங்கியது.

"இதைப் போட்டுப் பாத்துட்டு, சரியாகலன்னா டெஸ்ட் எடுத்துக்கலாமா மாமா?"

கூடாது என்றேன். ஏன் என்று சொல்ல அரை மணி நேரம் ஆனது.

டைபாய்டைக் கண்டுபிடிக்க இங்கே கிடைக்கும் முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று, 1896இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் வைடல் கொண்டுவந்த பரிசோதனை. கிருமிக்கு எதிராக நம் உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்க்கிறது. 2 மி.லி. ரத்தம் போதும், அன்றைக்கே ரிசல்ட், செலவும் குறைவு. இரண்டாவது பிளட் கல்ச்சர். ரத்தத்தைச் சத்துத் திரவம் உள்ள பாட்டிலில் விட்டு, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. ரத்தம் அதிகம் வேண்டும், செலவும் பல மடங்கு, பதில் வர மூன்று நான்கு நாள். எங்கள் லேபில் அந்த வசதி இல்லை, கோயம்புத்தூருக்கு அனுப்பவேண்டும்.

இப்படிச் சொன்னால் எல்லோரும் வைடலைத்தான் கேட்பார்கள். சிக்கல் என்னவென்றால், வைடல் பார்க்கும் எதிர்ப்புப் பொருள் முதல் வாரக் கடைசியில்தான் தேறத் தொடங்கும். ஐந்தாம் நாளில் எடுத்தால் நிஜமான டைபாய்டுக்குக்கூட ஒன்றுமில்லை என்று வரலாம். மறுபக்கம், டைபாய்டு புழங்கும் ஊரில் இருப்பவர்களின் ரத்தத்தில் பழைய தொற்றின் மிச்சம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். தடுப்பூசி போட்டிருந்தாலும், வேறு காய்ச்சல் வந்திருந்தாலும் எண் ஏறிக் காட்டும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, எண் நான்கு மடங்கு ஏறியிருந்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. ஆனால் காய்ச்சலில் கிடப்பவர் இரண்டாவது முறைக்காகப் பத்து நாள் காத்திருக்கமாட்டார். கிடைக்கும் ஒற்றை ரிசல்ட்டை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. குணமானவர்கள் மாதம் ஒருமுறை வந்து, "வைடல் இன்னும் இறங்கலையே" என்று கவலைப்படுவார்கள். அந்த எண் பல மாதம் அப்படியே நிற்கும், நோய் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தக் காகிதத்தை வைத்து இன்னொரு கோர்ஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கல்ச்சரின் பலவீனம் வேறு மாதிரி. டைபாய்டில் ரத்தத்தில் ஓடும் கிருமி மிகமிகக் குறைவு, பலருக்கு ஒரு மி.லி.யில் ஒன்றுகூட இருக்காது. 2 மி.லி. எடுத்துவிட்டு கிருமி இல்லை என்றால் அது பதிலே ஆகாது. பெரியவர்களுக்குக் குறைந்தது 10 மி.லி. வேண்டும். சரியாக எடுத்தாலும் நூறு டைபாய்டு நோயாளிகளில் ஏறக்குறைய 40 முதல் 60 பேருக்குத்தான் கல்ச்சரில் கிருமி வளரும். முதல் வாரத்தில் வாய்ப்பு அதிகம், போகப்போகக் குறையும். ஆன்டிபயாடிக் இரண்டு வேளை உள்ளே போயிருந்தால் இன்னும் குறையும். கிருமி சாகாமலே பாட்டிலில் வளராமல் போய்விடும். அந்த ஸ்ட்ரிப்பைப் பிரிக்கவேண்டாம் என்றது அதனால்தான்.

ஆனால் கல்ச்சரில் கிருமி வளர்ந்துவிட்டால் வைடலால் ஒருநாளும் தரமுடியாத ஒன்று கையில் கிடைக்கும். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்ற பட்டியல் அது. இந்தியாவில் இப்போது பிடிபடும் டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகைக்கு முன்போல அடங்குவதில்லை. அவன் பையில் இருந்த ஸ்ட்ரிப் காய்ச்சலைத் தீர்த்திருக்காது, கல்ச்சரை மட்டும் கெடுத்திருக்கும்.

ஆகவே என் கணக்கு இது. காய்ச்சல் தொடங்கி ஒரு வாரத்துக்குள், ஆன்டிபயாடிக் தொடாமல் வந்தால் கல்ச்சர். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வைடலை விட்டுவிட்டு கல்ச்சருக்குக் கொடுப்பேன். இரண்டாவது வாரத்தில், மாத்திரையும் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு வைடல் ஒரு துணைச் சாட்சி, அவ்வளவுதான். கல்ச்சர் எடுத்துவிட்டால் அதன் பதிலுக்காக மருந்தை நிறுத்திவைக்கவேண்டியதில்லை. ரத்தம் எடுத்த அடுத்த நிமிடமே மருத்துவர் மருந்தைத் தொடங்கலாம்.

மச்சினனுக்கு 10 மி.லி. எடுத்து இரண்டு பாட்டிலில் பிரித்து விட்டேன். மற்ற சாம்பிள்களோடு சேர்த்து இதையும் ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது என்று எடுத்துப்போகும் பையனிடம் இரண்டு தடவை சொன்னேன். கல்ச்சர் பாட்டில் குளிரக் கூடாது. எங்கள் ஊர் ராத்திரிக் குளிரில் அறையில் வைத்தாலே பாதி ஃப்ரிட்ஜ்தான், அதனால் அன்றைக்கே கீழே அனுப்பினேன். சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 4,200, ஈயோசினோஃபில் பூஜ்ஜியம். கல்லீரல் என்சைம் சற்று அதிகம். இவை டைபாய்டை உறுதி செய்வதில்லை, ஆனால் சாதாரண சீழ்க் காய்ச்சலில் வெள்ளை அணு ஏறும், இங்கே ஏறவில்லை. ஆசைக்கு வைடலும் போட்டுப் பார்த்தேன். ஓ வகை எதிர்ப்புப் பொருளின் எண் 1:80. இதை வைத்து ஆம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது.

அடுத்த முடிவு, வீட்டில் மாத்திரையா, ஆஸ்பத்திரியில் ஊசியா. இதை முடிவு செய்தது காய்ச்சல் அல்ல, வயிறு.

டைபாய்டுக் கிருமி தண்ணீர், சாப்பாடு வழியாகக் குடலுக்குள் போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருக்கும் நிணத் திட்டுகளில் குடியேறுகிறது. வலது அடிவயிற்றில் வலிப்பது அதனால்தான். அங்கேதான் குடல்வாலும் இருக்கிறது என்பதால் அப்பெண்டிசைடிஸ் என்று சந்தேகம் வருவது சகஜம். முதல் வாரத்தில் அந்தத் திட்டுகள் வீங்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் புண்ணாகும். சிலருக்கு அந்தப் புண்ணில் ரத்தம் கசியும், மிகச் சிலருக்குக் குடலே ஓட்டையாகும். ஆஸ்பத்திரியில் சேர்பவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்த ஓட்டை விழுகிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. விழுந்துவிட்டால் ஆபரேஷன்தான்.

அதனால் ஒருவர் வாந்தி இல்லாமல் சாப்பிடுகிறார், வயிறு மெத்தென்று இருக்கிறது, நல்ல நினைவோடு பேசுகிறார், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் மாத்திரையே போதும். அசித்ரோமைசின் நாளுக்கு ஒரு கிராம் வரை ஏழு நாள், அல்லது செஃபிக்சிம் இரண்டு வாரம் என்பது வழக்கம், அளவை மருத்துவர் சொல்வார். வாந்தி, விடாத வயிற்றுவலி, வயிறு உப்பல், பிதற்றல், கர்ப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நரம்பு வழி ஊசி. மலையில் நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். வீட்டிலிருந்து ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவில், பனிமூட்டத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வரவே சிலருக்கு முக்கால் மணி நேரம். அப்படிப்பட்டவருக்கு வயிற்றுவலி இருந்தால், சமவெளிக்காரருக்கு வீடு போதும் என்கிற இடத்திலும் நான் வார்டு என்பேன்.

மச்சினன் அன்று ராத்திரியே வாந்தி எடுத்தான். ஊட்டியில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருத்துவர் முதலில் பார்த்தது அவனுடைய அக்குள், தொடையிடுக்கு. பூச்சி கடித்துக் கருகிய பொருக்கு இருக்கிறதா என்று. புதர் உண்ணிக் காய்ச்சல் இந்த மாதிரி மலைக்காட்டுப் பகுதியில் டைபாய்டு வேஷத்திலேயே வரும். டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி அதற்குக் கேட்காது. அசித்ரோமைசின் இரண்டுக்கும் கேட்கும். எனவே செஃப்ட்ரியாக்சோன் போட்டு ஒரு வாரம் ஆகியும் காய்ச்சல் அசையவில்லை என்றால், மருந்தை மாற்றுவதற்கு முன் நோயின் பெயரைச் சரிபார்க்கவேண்டும். அவனுக்குப் பொருக்கு இல்லை. ஸ்கேனில் குடல்வால் சாதாரணம், சிறுகுடலின் கடைசிப் பகுதியின் சுவர் தடித்திருந்தது, பக்கத்தில் நெறிகட்டியிருந்தது, மண்ணீரல் சற்றுப் பெரிது. செஃப்ட்ரியாக்சோன் நாளுக்கு 2 கிராம் என்று தொடங்கினார்கள். மலச்சிக்கலுக்குப் பேதி மருந்து கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். புண்ணான குடலை விரட்டக் கூடாது. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியும் கிடையாது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கல்ச்சரில் வளர்ச்சி தெரிகிறது என்று போன் வந்தது. செவ்வாய்க்கிழமை முழு ரிப்போர்ட். சால்மொனெல்லா டைஃபி. சிப்ரோஃப்ளாக்சசின் கேட்காது, அசித்ரோமைசின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் கேட்கும்.

அதற்குள் வீட்டில் கலவரம். மூன்று நாள் ஊசி போட்டும் ராத்திரி 103 டிகிரி. "மருந்து வேலை செய்யல, கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போங்க" என்று என் மனைவி. டைபாய்டில் இது எதிர்பார்த்ததுதான். சரியான மருந்து போட்டாலும் இந்த வகை ஊசியில் காய்ச்சல் இறங்க ஐந்து முதல் ஏழு நாள்வரை பிடிக்கும். உச்சம் தினமும் கொஞ்சம் குறைகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்றுதான் பார்க்கவேண்டும். புதன்கிழமை முதல்முறையாக நாள் முழுவதும் காய்ச்சல் இல்லை. ஏழு ஊசி முடிந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதி ஏழு நாளுக்கு செஃபிக்சிம் 200 மில்லிகிராம், வேளைக்கு இரண்டு, காலையும் இரவும். மொத்தம் 28 மாத்திரை.

திங்கட்கிழமை அவன் வண்டியை எடுத்துவிட்டான். டேஷ்போர்டில் ஸ்ட்ரிப் கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், 12 போய் 16 இருக்கவேண்டும், 22 இருந்தது. வேளைக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறான்.

"காய்ச்சல் போயி அஞ்சு நாளாச்சு மாமா. வயிறும் பொருமுது. இதோட நிறுத்திக்கிறனே?"

மூன்றாவது முடிவு இதுதான். நிறுத்துவதில் உள்ள லாபம் சின்னது இல்லை, அவனுக்கு வேலை கெடாது, எனக்கு நச்சரிக்கவேண்டிய பாடு இல்லை. ஆனால் காய்ச்சல் என்பது ரத்தத்தில் ஓடும் கிருமிக்கு உடம்பு காட்டும் கோபம். அது அடங்கியபோது ரத்தம்தான் சுத்தமாகியிருக்கிறது. டைபாய்டுக் கிருமி நம் தற்காப்பு அணுக்களுக்கு உள்ளேயே புகுந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் பதுங்கி வாழத் தெரிந்தது. அங்கே மருந்து போதிய அளவில் போதிய நாள் போகாவிட்டால் மிச்சம் இருப்பது மறுபடி ரத்தத்துக்கு வரும். பெரும்பாலும் காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரத்தில். முழுதாகச் சாப்பிட்டவர்களில்கூடச் சிலருக்கு இப்படித் திரும்பும். பாதியில் விடுவது அந்த வாய்ப்பைக் கூட்டுவது. பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா ஐந்தாம் நாள் நிறுத்தினார், பதினாறு நாள் கழித்து அதே காய்ச்சல், அதே கிருமி. முதல் தடவை பத்து நாள் கூலி போனது, இரண்டாம் தடவை இன்னும் மூன்று வாரம்.

அரை அளவு போடுவது நிறுத்துவதைவிட மோசம் என்பேன். கிருமி சாகிற அளவுக்கு மருந்து இல்லை, பழகிக்கொள்கிற அளவுக்கு இருக்கிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் தொடங்கிப் பரவிய டைபாய்டுக்கு செஃப்ட்ரியாக்சோனே கேட்கவில்லை, மாத்திரையாக மிஞ்சியது அசித்ரோமைசின் மட்டும்தான். அப்படி ஒன்று வந்தால் எங்கள் மருந்துக்கடை அலமாரியில் எதை எடுப்பது?

மருத்துவரிடம் போனில் கேட்டோம். அரை அளவு போட்ட நாளைக் கணக்கில் சேர்க்காமல், முழு அளவில் இன்னும் ஏழு நாள் என்றார். வயிற்றுப் பொருமலுக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். அதோடு வண்டியும் வேண்டாம் என்றார். அந்தத் திங்கட்கிழமை அவனுக்கு நோயின் பதினைந்தாம் நாள், குடல் புண்ணில் ரத்தம் கசியவோ ஓட்டை விழவோ கூடிய வாரம். இது பலருக்குத் தெரிவதில்லை. காய்ச்சல் விட்ட பிறகும், மருந்து சாப்பிடும்போதும் அது நடக்கலாம். திடீரென்று வெட்டுவதுபோல வலி, வயிறு பலகை மாதிரி விறைப்பது, தார் போன்ற மலம், வியர்த்து உடம்பு சில்லிட்டு நாடி மட்டும் ஓடுவது. தெர்மாமீட்டரில் காய்ச்சல் இறங்கியதுபோலத் தெரியும், அதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது. வலி ஊசி போட்டு மறைக்காமல் உடனே 108. இரண்டாம் கொண்டை ஊசி வளைவில், கேரட் மூட்டையோடு, தனியாக இருக்கும்போது இது வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

மாத்திரை முடிந்தது. மூன்று வாரம் தினமும் சாயங்காலம் காய்ச்சல் பார்த்தோம், திரும்பவில்லை. எங்கே பிடித்தது என்ற கேள்வி மட்டும் மிச்சம். மண்டித் தண்ணீர், ரோட்டோர ஊற்று என்று அவன் ஆயிரம் இடம் சொன்னான். வீட்டில் யாருக்காவது பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். என் மாமியாருக்கு இருக்கிறது, பல வருடத்துக்கு முன் ஸ்கேனில் பார்த்தது. டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும். கல் இருந்தால் அதன்மேல் படலம்போல ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, வருடக்கணக்கில் மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும். மாமியார் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர்.

எனக்குக் காய்ச்சலே வந்ததில்லையே என்று அவர் கோபப்பட்டது நியாயம்தான். ஆனாலும் லீவு போட்டார். மலப் பரிசோதனை ஒரு தடவை போதாது, கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியேறும் என்பதால் வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கேட்டார்கள். டப்பாவை என் லேபிலிருந்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மருமகன் கையில் அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் கூச்சம். மூன்றையும் மச்சினன்தான் கொண்டுவந்தான், மூன்றிலும் ஒன்றும் வளரவில்லை. மண்டித் தண்ணீராகத்தான் இருக்கவேண்டும். இப்போது வண்டியில் காய்ச்சிய தண்ணீர் கேன் ஒன்று ஏறியிருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே ஊற்றில் பிடித்த பழைய பாட்டிலும் கிடக்கிறது.